நாலு பேர், ஒரே டிக்கெட்: சித்தப்பாவுக்கு மட்டும் WL

"கும்பகோணத்திலிருந்து சென்னை போய், அங்கிருந்து காசிக்கு ரயில். நானே போனில் நாலு பேருக்கும் ஒரே டிக்கெட் போட்டேன். இரண்டு CNF, அம்மாவுக்கு RAC, சித்தப்பாவுக்கு வெயிட்டிங் லிஸ்ட், WL 4. இரண்டாயிரம் கொடுத்தால் கோட்டாவில் ஏற்றித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?"
– வாசகி, திருவிடைமருதூர்

கொடுக்காதீர்கள் அம்மா. அவசர கோட்டா இருப்பது உண்மைதான், ஆனால் அதற்கு விலை கிடையாது. நான் ரிசர்வேஷன் கவுன்டரில் இருந்த காலத்திலேயே பார்த்த வித்தை இது. பத்து பேரிடம் வாங்கிக்கொள்வார்கள். நாலு பேருக்குத் தானாகவே பெர்த் கிடைத்துவிடும். "நான்தான் போட்டேன்" என்று மீசையை முறுக்குவார்கள். மீதி ஆறு பேர் அலைய வேண்டியதுதான். நல்லவேளை, டிக்கெட்டை நீங்களே போட்டீர்கள். ஏஜென்ட் போட்டிருந்தால் ரீஃபண்டும் அவர் கணக்குக்குத்தான் போகும்.

அம்மா தாராளமாக ஏறலாம். RAC என்றால் பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் இன்னொருவரோடு பாதிப் பாதி. யாராவது வராமல் போனால் டிக்கெட் பரிசோதகரான டி.டி.ஆர். முழு பெர்த் தருவார். அதுவரை உட்கார்ந்தபடிதான். அரை பெர்த்துக்கு முழுக் கட்டணம் வாங்குவது என்ன நியாயமோ!

சிக்கல் சித்தப்பாவுக்குத்தான். சார்ட் என்பது யாருக்கு எந்த பெர்த் என்று எழுதி முடித்த பட்டியல். முன்பெல்லாம் வண்டி புறப்பட நாலு மணி நேரம் இருக்கும்போது போடுவார்கள். 2025-இல் அதை இன்னும் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். CHART PREPARED என்று வந்த பிறகும் WL மாறவில்லையா? ஆசையை விட்டுவிடுங்கள்.

நாலு பேருமே WL என்றால் ஆன்லைன் டிக்கெட் தானே ரத்தாகிப் பணம் திரும்பும். எல்லாரும் இதையே கேள்விப்பட்டு, "நமக்கும் வந்துவிடும்" என்று காத்திருக்கிறார்கள். உங்களுடையது கலப்பு டிக்கெட். அது ரத்தாகாது. சித்தப்பா பெயர் சார்ட்டில் இருக்கும், பெர்த் இருக்காது. பெயரைக் காட்டி இடம் கேட்க முடியாது. இரண்டு இரவும் உங்கள் காலடியில் ஒண்ட வேண்டியதுதான். அவர் வரவில்லை என்றால், வண்டியில் டி.டி.ஆரிடம் "இவர் பயணிக்கவில்லை" என்று சான்று வாங்கிக்கொண்டு, பிறகு ஆன்லைனில் TDR என்ற ரீஃபண்ட் மனுவைப் போடுங்கள். அந்தச் சான்றைக் கேட்டால் சில டி.டி.ஆர். முகம் சுளிப்பார். விடாதீர்கள். நாலு பேருமே போகவில்லை என்றால், வண்டி புறப்படக் குறைந்தது 30 நிமிடம் முன்பே TDR போட்டுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்து பாருங்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் தத்கால் திறக்கும், ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. சித்தப்பாவுக்கு மட்டும் தனியாக ஒரு டிக்கெட் முயலுங்கள், ஆதார் இணைத்த கணக்கிலிருந்து. முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளுக்கு அங்கே அனுமதி இல்லை.