செவ்வாய்க்கிழமைக் கூட்டமும் உமது புத்தகப் பட்டியலும்

அன்புள்ள அக்கா,
நான் சமூகப்பணி படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. வகுப்பிலும் பயிற்சிக்குப் போகும் இடத்திலும் ‘வலுவூட்டல்’, ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்ற சுலோகங்கள்தான் காதில் விழுகின்றன. வறுமையைப் பற்றி ஆதாரத்தோடு பேசும் பொருளியல் நூல்கள் எவை? எதிலிருந்து தொடங்கலாம்? இப்போது விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் அம்மா கடன் கட்டும் கூட்டத்துக்குப் போய்விடுவார். அந்த நேரம் வீடு அமைதியாக இருக்கும், படிக்க வசதி.
— மாணவி, முல்லைத்தீவு

பிள்ளை, அந்தக் கூட்டத்தில் அம்மா எவ்வளவு கட்டுகிறார்? இது எத்தனையாவது கிழமை? என்ன தேவைக்கு எடுத்த கடன்? உமது கடிதத்தில் ஒன்றும் இல்லை. உமக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். வறுமைக்கு ஆதாரம் தேடுகிறவர், கிழமைக்கு ஒருமுறை பெற்ற தாய் காசை எண்ணி முடிந்துகொண்டு போவதைப் படிக்க வாய்த்த அமைதி என்று எழுதியிருக்கிறீர். வன்னியிலிருந்து வரும் கடிதங்களில் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். பிள்ளைகள் படிக்கிறார்கள், கணக்கைத் தாய் தனியே சுமக்கிறாள். அம்மாவின் கடன் அம்மாவின் பாடு என்று இருப்பது வளர்ந்த மகளுக்கு அழகல்ல.

புத்தகம் கேட்டீர். 2009இல் வெளிவந்த ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் த புவர்’ என்ற ஆங்கில நூலிலிருந்து தொடங்கும். டேரில் கொலின்ஸ், ஜொனதன் மோர்டக், ஸ்டுவர்ட் ரதர்ஃபோர்ட், ஒர்லாண்டா ருத்வன் ஆகிய நால்வர் எழுதியது. வங்காளதேசம், இந்தியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளில் 250க்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் பணக் கணக்கை ஏறத்தாழ ஒரு வருடம், இரண்டு கிழமைக்கு ஒருமுறை போய்ப்போய் எழுதி எடுத்த ஆய்வு அது. உழைத்த காசு, செலவழித்த காசு, கைமாற்று, சீட்டு, அடகு எல்லாம் அதில் வரும்.

ஏன் அத்தனை முறை போனார்கள்? படிவத்தோடு ஒருநாள் வந்து “மாத வருமானம் எவ்வளவு?” என்று கேட்பவருக்கு எவரும் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இந்த ஆய்வாளர்கள் வந்த காசையும் போன காசையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தாவிட்டால் ஒரு கடனோ சேமிப்போ சொல்லப்படவில்லை என்று அர்த்தம். முதல் சந்திப்புகளில் பெரிதாக இருந்த இடைவெளி, பழக்கம் கூடக்கூடச் சுருங்கியது. இந்த ஒரு முறையைக் கற்றுக்கொண்டாலே நீர் நிரப்பப்போகும் படிவங்களில் பாதியை நம்பமாட்டீர்.

அவர்கள் கண்டது இது: ஏழைக்கு வருமானம் குறைவு என்பதோடு, அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதும் நிச்சயமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு டொலர் என்று அன்றைய அறிக்கைகள் எழுதியது சராசரி. அப்படி நாள்தோறும் இரண்டு டொலர் எவர் கையிலும் விழுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, ஆய்வில் இருந்த எந்தக் குடும்பமும் நான்குக்குக் குறைவான வழிகளில் பணத்தைக் கையாளவில்லை. உமது ஊரோடு வைத்துப் பாரும். காலபோக நெல் வெட்டினால் ஒருமுறை காசு. கச்சான் பிடுங்கினால் ஒருமுறை காசு. தவணை மட்டும் கிழமைதோறும். அப்படியானால் நெல்லும் கச்சானும் இல்லாத மாதங்களில் அம்மா எங்கிருந்து கட்டுகிறார்?

அடுத்ததாக அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011இல் எழுதிய ‘புவர் எகனாமிக்ஸ்’. முழுவதையும் பிறகு வாசியும், முதலில் நுண்கடன் பற்றிய அத்தியாயம். ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதியில் மட்டும் ஒரு நுண்கடன் நிறுவனத்தின் கிளைகளை முதலில் திறக்கவைத்து, பின்னர் இரு பாதிகளையும் ஒப்பிட்டார்கள். கிளை வந்த பகுதிகளில் தொழிலுக்கும் வீட்டுப் பொருட்களுக்கும் கொஞ்சம் கூடுதலாகச் செலவிட்டார்கள். பிள்ளைகளின் படிப்பிலும் வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு இருந்த மதிப்பிலும் மாற்றம் தெரியவில்லை. ஆனால் இதுவும் சராசரிதான். கடனால் எழுந்த வீடும் மூழ்கிய வீடும் ஒன்றையொன்று அதற்குள் மறைத்துவிடும். ஒப்பீட்டுப் பகுதிகளிலும் வேறு நிறுவனங்கள் கடன் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன.

அங்கே கொடுத்த முதற்கடன் 10,000 இந்திய ரூபாய். வட்டி 12 சதவீதம், 50 கிழமைகளில் கட்டி முடிக்க வேண்டும். கணக்குப் போடும்: மொத்தம் 11,200, கிழமைக்கு 224. அதில் 200 ரூபாய் வாங்கிய கடன்தொகையில் கழிகிறது. 25ஆம் கிழமை கடன்காரியின் கையில் இருப்பது 5,000தான், வட்டியோ இன்னமும் 10,000க்கு. சராசரியாகப் பாதித் தொகையைத்தான் அவள் வைத்திருந்தாள் என்பதால் உண்மையான வருட வட்டி ஏறத்தாழ 24 சதவீதம். அம்மாவின் தவணை அட்டையை எடுத்து இதே கணக்கைச் செய்யும். அட்டையில் எழுதிய வீதத்துக்கும் நீர் காணும் வீதத்துக்கும் உள்ள தூரம் தெரியும்.

மூன்றாவது நூல் அல்ல, ஓர் ஆய்வு. நம் நாட்டில் நடந்தது. சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோர் சுனாமிக்குப் பிறகு களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் செய்வோருக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபாயைப் பணமாகவோ பொருளாகவோ கொடுத்தார்கள். திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆண்களின் இலாபம் நன்றாகக் கூடியது. பெண்களின் தொழிலில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. பெண்ணிடம் காசு கொடுத்து என்ன பயன் என்று சொல்ல இது போதுமா? 2019இல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை, இந்தியா, கானா தரவுகளோடு சேர்த்து, குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பார்த்தார்கள். பெண்ணுக்குக் கொடுத்த காசு பல வீடுகளில் கணவனின் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டில் தொழில் செய்பவர் அவள் ஒருத்தியே என்றால் இலாபம் கூடியிருந்தது. ஆளைக் கேட்பதை விட்டு வீட்டைக் கேட்டதும் முடிவே மாறியது. போரில் கணவனை இழந்த பெண்கள் தனியே குடும்பம் நடத்தும் வன்னியில் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த ஆய்வு தெற்கில் நடந்தது, ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்களிடம் நடந்தது, கொடுத்ததும் கடன் அல்ல. அப்படியே முல்லைத்தீவுக்கு ஏற்றிப் பேசாதேயும்.

இனி வரும் செவ்வாய்க்கிழமை அம்மாவோடு நீரும் போம். அங்கே வாய் திறக்க வேண்டாம், இருந்து பாரும். ஒருத்தி கட்டத் தவறினால் குழுவில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அண்ணன் தம்பிமாரும் அயலவரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு கொப்பியை எடும். வந்தது, போனது, வாங்கியது, கொடுத்தது. கடைக்கடனை முதலில் கேளும், நகை அடகைக் கடைசியில் கேளும். ஏன் எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்காதேயும். தாயை விசாரிக்க மகளுக்கு உரிமை இல்லை, கூட இருந்து சுமக்கத்தான் கடமை. இரண்டு கிழமை கழித்து அதே கொப்பியில் மறுபடி எழுதும். ஒரு நிறுவனத்தின் தவணையை இன்னொரு நிறுவனத்தின் கடனால் அம்மா கட்டுகிறார் என்று கணக்குக் காட்டினால், புதிதாக ஒன்றும் எடுக்கவிடாமல், அந்தக் கொப்பியோடு அவரை அருகிலுள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கூட்டிப்போம். அங்கே குறைந்துசெல்லும் மீதிக்கு மட்டும் வட்டி கணக்கிடுவார்களா என்று நீரே கேளும்.

உமது விடுதிக் காசு, பஸ் காசு, தொலைபேசிக் காசு மூன்றையும் அதே கொப்பியில் ‘போனது’ என்ற பக்கத்தில் உமது கையால் எழுதும். அவற்றை எழுதாவிட்டால் கணக்குப் பொருந்தாது.