டூ சம்: இனி வரப்போவதை ஏன் பார்க்க வேண்டாம்?

கேள்வி: டூ சம் கணக்கை, அதாவது கூட்டினா இலக்கு வர்ற ரெண்டு எண்களோட இடங்களைக் கண்டுபிடிக்கிறதை, ரெண்டு ஃபார் லூப் போட்டு எழுதிட்டேன், விடை சரியா வருது. டிக்‌ஷனரி வெச்சா ஒரே லூப் போதும்னு சொல்றாங்க. ஆனா அதுல ஏற்கெனவே பார்த்த எண்களை மட்டும்தானே தேடுறோம்? ஜோடி இனிமேதான் வரப்போகுதுன்னா தவறிப் போயிடாதா?

பதில்:

தவறாது. என் அக்கா மகளும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது இதே சந்தேகத்தோடுதான் வந்தாள். அன்று கணினியை மூடி வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்துக்கொண்டோம். அதையே இங்கேயும் செய்து பார்க்கலாம்.

எண்கள் 4, 9, 3, 11, 7, 2. கூட்டினால் 10 வரும் இரண்டு எண்கள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். இடங்களை 0 முதல் எண்ணுவோம்.

தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, "பார்த்தவை" என்று எழுதிக்கொண்டாள். முதலில் 4. இதற்குத் துணை 6. பார்த்தவையில் இன்னும் எதுவுமே இல்லை. அதனால் "4, இடம் 0" என்று குறித்துக்கொண்டாள். அடுத்து 9. இதற்கு 1 வேண்டும், இல்லை. "9, இடம் 1". அடுத்து 3. இதற்கு 7 வேண்டும். இங்கேதான் நின்றாள்.

"சித்தி, 7 அங்க இருக்கே! கண்ணுக்குத் தெரியுது. ஆனா இந்த முறையில இல்லைன்னு சொல்லிட்டுப் போகணுமா?"

ஆமாம், இல்லை என்று சொல்லிவிட்டு, "3, இடம் 2" என்று குறித்துவிட்டுப் போக வேண்டியதுதான். அடுத்தது 11. இதற்கு -1 வேண்டும், இல்லை. "11, இடம் 3". இப்போது 7 வருகிறது. இதற்கு 3 வேண்டும். பார்த்தவையில் 3 இருக்கிறதா? இருக்கிறது, இடம் 2. விடை [2, 4].

விஷயம் முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. எந்த ஜோடியை எடுத்தாலும் அதில் ஒன்று முதலில் வரும், மற்றது பிறகு வரும். முதலில் வருவதன் மேல் நிற்கும்போது துணை கிடைக்காது, அதனால் நஷ்டமில்லை. அது தன் பெயரைப் பதிந்துவிட்டுப் போகிறது. பிறகு வருவது வந்து நிற்கும்போது, அந்தப் பதிவு தயாராகக் காத்திருக்கும். ஆக ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஒரு முறை, அதன் இரண்டாவது ஆள் வரும்போது பிடிபடும். இனி வரப்போவதையும் தேடினால் அதே ஜோடியை இரண்டு தடவை பார்த்ததாகத்தான் ஆகும்.

அதை நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
def two_sum(nums, target):
    seen = {}
    for i, x in enumerate(nums):
        need = target - x
        if need in seen:
            return [seen[need], i]
        seen[x] = i
```

எண் சாவியாகவும், அது இருந்த இடம் மதிப்பாகவும் இருப்பதைக் கவனியுங்கள். பலர் இதைத் தலைகீழாக வைத்துவிடுகிறார்கள். நாம் தேடுவது எண்ணை. தேடப்படுவது சாவியாக இருந்தால்தான் டிக்‌ஷனரியால் பயன்.

இனி ஏன் வேகம் என்பது. இரண்டு லூப் முறையில் 10,000 எண்கள் இருந்து, பொருந்தும் ஜோடி கடைசியில் இருந்தால், 4,99,95,000 ஜோடிகளைக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். டிக்‌ஷனரி முறையில் 10,000 தேடல்கள் போதும். டிக்‌ஷனரி ஒவ்வொரு சாவியாகப் புரட்டுவதில்லை. சாவியிலிருந்து ஹேஷ் என்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அது இருக்க வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்விடும். சாவிகள் ஒரே இடத்தில் வந்து மோதினால் கொஞ்சம் தாமதம் ஆகும்தான், ஆனால் சாதாரணமாக வரும் எண்களில் அது பெரிதாகத் தெரியாது. இதற்கு நாம் கொடுக்கும் விலை நினைவகம்: பார்த்த எண்களையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. `seen` என்பதை லிஸ்ட்டாக வைத்து, மற்ற வரிகளையும் அதற்கேற்ப மாற்றி, `if need in seen` என்று எழுதினாலும் விடை சரியாக வரும், பார்க்க ஒரே லூப் போலவும் இருக்கும். ஆனால் லிஸ்ட்டில் `in` என்றால் பைத்தான் முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். இரண்டாவது லூப் எங்கும் போகவில்லை, அந்த இரண்டு எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது. சின்ன உள்ளீட்டில் தெரியாது. எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கி ஓட்டிப் பாருங்கள். நேரம் கிட்டத்தட்ட நான்கு மடங்கானால் அதுதான் காரணம்.

அப்புறம், கடைசி இரண்டு வேலைகளின் வரிசை: முதலில் தேடல், பிறகு பதிவு. இதை மாற்றவே கூடாது. [5, 2, 8], இலக்கு 10 என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பதிந்துவிட்டுத் தேடினால், 5 தனக்கு வேண்டிய இன்னொரு 5 என்று தன்னையே கண்டுபிடித்து [0, 0] என்று சொல்லிவிடும். தேடிவிட்டுப் பதிந்தால் 5 வரும்போது டிக்‌ஷனரி காலி, தன்னைத் தானே பார்க்க வழியே இல்லை. பிறகு 8 வரும்போது 2 கிடைத்து [1, 2] என்ற சரியான விடை வரும். அதே சமயம் [5, 5] என்று உண்மையிலேயே இரண்டு 5 இருந்தால், இரண்டாவது 5 முதல் 5-ஐச் சரியாகப் பிடித்துவிடும். எல்லா எண்களையும் முன்கூட்டியே டிக்‌ஷனரியில் நிரப்பிவிட்டுத் தேடும் முறையும் உண்டு. அதில் "கிடைத்த இடம் நான் நிற்கும் இடமா" என்று தனியாக ஒரு சோதனை வைக்க வேண்டும். ஏற்கெனவே பார்த்ததை மட்டும் தேடும்போது அந்தச் சோதனைக்கே தேவையில்லை, எனக்கு இந்த முறை பிடித்திருப்பதற்கு அதுதான் காரணம்.

நான் ஒரு முறை மாட்டிக்கொண்ட பிழை வேறு. `if need in seen` என்பதற்குப் பதிலாக `if seen.get(need)` என்று எழுதியிருந்தேன். பெரும்பாலான சோதனைகளில் சரியாக ஓடியது. ஆனால் [2, 7, 11, 15], இலக்கு 9 என்று கொடுத்தால் `None` வந்தது. 7 வரும்போது 2 கிடைக்கிறது, அதன் இடம் 0. பைத்தானில் `if 0` என்றால் பொய். கிடைத்ததையே கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டது. ஜோடியில் முதல் எண் வரிசையின் தொடக்கத்திலேயே இருக்கும்போது மட்டும் உங்கள் நிரல் சொதப்பினால், முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

பிறகு இதே முறையை அலுவலகத்தில் பயன்படுத்தினேன். வங்கிக் கணக்கில் ஒரே தொகையாக வரவு வந்திருக்கும், அது எந்த இரண்டு பில்களின் கூட்டுத்தொகை என்று கண்டுபிடிக்க வேண்டும். தாளில் கூட்டினால் சரியாக வரும் ஜோடி நிரலுக்குக் கிடைக்கவில்லை. தொகைகளைத் தசம எண்களாக வைத்திருந்தேன். பைத்தானில் `0.3 - 0.2` என்று அடித்துப் பாருங்கள், 0.1 வராது, `0.09999999999999998` வரும். டிக்‌ஷனரிக்குக் கிட்டத்தட்ட என்ற கணக்கே கிடையாது, சாவி அச்சாகப் பொருந்த வேண்டும். ஒவ்வொரு தொகையையும் `round(amount * 100)` என்று பைசாவாக, முழு எண்ணாக மாற்றிய பிறகுதான் ஜோடிகள் கிடைத்தன.