"அக்டோபர் சேல்ஸ் வேணும், அர்ஜெண்ட்"னு மட்டும் எழுதி அனுப்பாதீங்க

கேள்வி: எங்க கம்பெனில அனலிட்டிக்ஸ் டீம்கிட்ட டேட்டா கேட்டா இழுத்தடிக்கறாங்க, கடைசில கேட்டது ஒண்ணு, வர்றது ஒண்ணா இருக்கு. ரிக்வெஸ்ட்ட எப்படித்தான் எழுதறது?

நீங்க அனேகமா சேல்ஸ்லயோ பர்ச்சேஸ்லயோ இருப்பீங்க. மேல இருக்கறவரு கேட்டத அப்படியே ஒரு வரில டேட்டா டீமுக்குத் தள்ளி விட்டிருப்பீங்க. தப்புன்னு சொல்லல, எல்லா எடத்துலயும் அப்படித்தான் நடக்குது. நான் அந்த வரி வந்து விழற பக்கம் உக்காந்திருக்கறவ. சேலத்துல ஒரு ஜவுளிக்கடை குரூப், டவுன்ல மெயின் கடை, அதுபோக ஆத்தூர், நாமக்கல்னு பிராஞ்ச் இருக்கு, எல்லாத்துக்கும் சேத்து டேட்டா பாக்கறது எங்க சின்ன டீம்தான். பெரிய ஐடி கம்பெனில டிக்கெட் சிஸ்டம் இருக்கு, ஃபார்ம் இருக்குன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். ஃபார்ம்ல கட்டம் எத்தனை இருந்தாலும் உள்ள எழுதறது மனுஷங்கதானே, அங்கயும் "அர்ஜெண்ட்"னுதான் எழுதி வெக்கறாங்க.

2025 தீபாவளி முடிஞ்ச கையோட எங்க பர்ச்சேஸ் மேனேஜர்கிட்ட இருந்து வாட்ஸப்ல ஒரு மெசேஜ். "அக்டோபர் சேல்ஸ், போன வருஷம், இந்த வருஷம், பிராஞ்ச் வாரியா, எக்ஸல்ல, அர்ஜெண்ட்". நான் உடனே ஃபோன் பண்ணி, எதுக்குண்ணா இது, மாசக் கணக்கா வேணுமா தீபாவளிக் கணக்கா வேணுமான்னு கேட்டேன். "மொதலாளி கேட்டாரும்மா, உன்ன கேள்வி கேக்கவா சொன்னேன், குடும்மா"ன்னுட்டாரு. அப்புறம் நான் லேட் பண்றேன்னு கோவிச்சுக்கிட்டு அவரே பில்லிங் சாஃப்ட்வேர்ல மந்த்லி ரிப்போர்ட்ட எடுத்துக்கிட்டு மீட்டிங்குக்குப் போயிட்டாரு. அதுல ஆத்தூர் பிராஞ்ச் நல்லா அடி வாங்கின மாதிரி தெரிஞ்சிருக்கு. ஆத்தூர் மேனேஜர் வயசுல பெரியவரு, அத்தனை பேர் முன்னாடியும் அவர நிக்க வெச்சு பேசியிருக்காங்க. எனக்கு இன்னைக்கு நெனச்சாலும் மனசு ஆறல, ஏன்னா அவர் கடை கொறையவே இல்ல.

எப்படின்னு காலண்டர எடுத்துப் பாருங்க. 2024ல தீபாவளி அக்டோபர் 31. அந்த மாசம் முழுக்க பண்டிகை யாவாரம். 2025ல தீபாவளி அக்டோபர் 20, அதனால பண்டிகை யாவாரத்துல ஒரு பங்கு செப்டம்பர் கடைசிலயே நடந்து போச்சு, 20ஆம் தேதிக்கு அப்புறம் கடைல ஈ ஆடல. இது பத்தாதுன்னு தீபாவளி முடிஞ்சு சைஸ் மாத்தறது, திருப்பிக் குடுக்கறதுன்னு வருமே, அந்த ரிட்டர்ன் பில் எல்லாம் 2025ல அக்டோபருக்குள்ளயே விழுந்து அந்த மாசக் கணக்குல கழிஞ்சுது, 2024ல அதெல்லாம் நவம்பர் கணக்கு. ஒரு மாசத்த இன்னொரு மாசத்தோட வெச்சுப் பாத்தா கொறையாம என்ன பண்ணும்?

அதனால பீரியட்னு எழுதறப்ப மாசம் பேர எழுதாதீங்க, சீசன் பேரையும் எழுதாதீங்க, ரெண்டு முனையும் தேதியா எழுதுங்க. தீபாவளிக்கு முந்தின 30 நாள்னா, 2024க்கு அக்டோபர் 1ல இருந்து 30 வரைக்கும், 2025க்கு செப்டம்பர் 20ல இருந்து அக்டோபர் 19 வரைக்கும். கடைசி நாளும் சேந்ததா இல்லையாங்கறதையும் எழுதிருங்க. இது சில்லறை விஷயமாத் தெரியும், ஆனா எங்க பக்கத்துல பில் நேரம் மணி நிமிஷத்தோட பதிவாகுது, அவசரத்துல யாராச்சும் இப்படி எழுதினா

```sql
WHERE bill_time BETWEEN '2025-09-20' AND '2025-10-19'
```

19ஆம் தேதி பொறக்கற நிமிஷத்தோட கணக்கு நின்னுரும், அன்னைக்கு பகல் பூரா நடந்த யாவாரம் வெளிய போயிரும். ஜவுளிக்கடைக்கு தீபாவளிக்கு மொத நாள் எப்படிப்பட்ட நாள்னு சேலம் கடைவீதில அன்னைக்கு நடந்து பாத்தவங்களுக்குத் தெரியும். சரியா எழுதினா இப்படி வரும்:

```sql
WHERE bill_time >= '2025-09-20'
  AND bill_time <  '2025-10-20'
```

இதுலயும் ஒரு ஓட்டை உண்டு. தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி பன்னெண்டு மணி தாண்டியும் பில் போட்டுக்கிட்டுதான் இருப்போம், அதெல்லாம் 20ஆம் தேதின்னு பதிவாகிரும். "19 ராத்திரி கடை மூடற வரைக்கும்"னு நீங்க ஒரு வார்த்தை எழுதிட்டா நாங்க அதையும் சேத்துக்குவோம். எழுதலன்னா எங்களுக்கா தோணாது. கவுண்டர்ல நின்னவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம் அது, சிஸ்டத்துல அப்படி ஒரு குறிப்பும் கிடையாது.

ஆடிக்கும் இதே கூத்துதான். ஆடி மாசம் ஜூலை நடுவுல பொறந்து ஆகஸ்ட் நடுவுல முடியுது, ஆனா "ஜூலை சேல்ஸ் குடுங்க"ன்னுதான் கேப்பாங்க. கோட்டை மாரியம்மன் பண்டிகைன்னா சேலம் கடைல நிக்க எடம் இருக்காது, நாமக்கல்ல அதே வாரம் சாதாரண வாரம். ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சு ஏன் நாமக்கல் டல்லுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். மீட்டிங் களேபரம் எல்லாம் அடங்கினப்புறம் நானே பர்ச்சேஸ் மேனேஜர் சீட்டுக்குப் போயி உக்காந்து, அண்ணா, இந்தக் கணக்க வெச்சு நீங்க என்ன முடிவு எடுக்கப் போறீங்க, அத மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன். அப்பத்தான் சொன்னாரு, பொங்கலுக்கு திருப்பூர்க்காரங்களுக்கு ரெடிமேட் ஆர்டர் போடணும், எந்த பிராஞ்சுக்கு எவ்வளவு சரக்குன்னு தெரியணும்னு. இத முதல்லயே சொல்லிருந்தா கதையே வேற! ஆர்டர் போடறதுக்கு ரூபாய்க் கணக்கு எதுக்கு? பீஸ் கணக்கு வேணும், சைஸ் வாரியா வேணும்.

ரூபாய வெச்சு பாத்தா அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி மாறுச்சு, ஆயிரம் ரூபாய்க்கு மேல இருக்கற ரெடிமேடுக்கு அதுவரைக்கும் 12 சதவீதம், அன்னைல இருந்து 2,500 வரைக்கும் 5 சதவீதம்தான். வரிக்கு முன்னாடி 1,500 ரூபாய் போட்ட சுடிதார் 2024 பில்லுல 1,680, 2025ல 1,575. அதே சுடிதார், அதே எண்ணிக்கை வித்தாலும் பில் தொகைய கூட்டினா கொறஞ்ச மாதிரிதான் காட்டும். அதனால ரூபாய்தான் வேணும்னா வரி சேத்தா சேக்காமலா, ரிட்டர்ன் கழிச்சா கழிக்காமலா, கழிச்சா ரிட்டர்ன் வந்த தேதில கழிக்கறதா இல்ல ஒரிஜினல் பில் தேதில கழிக்கறதா, இத சொல்லிருங்க. எங்ககிட்ட "சேல்ஸ்"னு ஒரே ஒரு column இருக்குன்னு நெனச்சுக்கறாங்க. அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது.

பீஸ் கணக்குக்குப் போனா இன்னொரு column தேவைப்பட்டுது, அது மேனேஜர் கேட்ட லிஸ்ட்லயே இல்ல: எந்த சைஸ் எந்தத் தேதில தீந்துச்சுங்கறது. மெயின் கடைல ஆம்பளைங்க சட்டைல நடு சைஸ் ரெண்டும் பண்டிகைக்கு ரொம்ப முன்னாடியே காலி. விக்காம கொறையல, சரக்கு இல்லாம கொறைஞ்சுது. சேல்ஸ் மட்டும் பாத்து ஆர்டர் போட்டிருந்தா அந்த சைஸ்தான் இன்னும் கம்மியா வந்திருக்கும், பொங்கலுக்கும் அதே மாதிரி ஆள் வந்து திரும்பிப் போயிருப்பாங்க. ஆத்தூர் கணக்க சரியான தேதிக்கு மாத்தி, பீஸ்ல பாத்தப்ப போன வருஷ அளவுக்கு நின்னுச்சு, பசங்க டிரஸ்ல கொஞ்சம் மேலயே இருந்துச்சு. அந்தப் பெரியவருகிட்ட யாரும் போயி வருத்தம் சொன்ன மாதிரி தெரியல. நான் சொன்னேன், ஆனா சொல்ல வேண்டியவங்க நான் இல்லையே.

அப்புறம் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து எழுதின ரிக்வெஸ்ட் கிட்டத்தட்ட இதுதான், உங்களுக்குத் தேவைன்னா இத வெச்சு மாத்திக்கோங்க:

"பொங்கல் ரெடிமேட் ஆர்டர்ல பிராஞ்சுக்கு எவ்வளவு பீஸ்னு முடிவு பண்ணணும். தெரிய வேண்டியது: தீபாவளிக்கு முந்தின 30 நாள்ல எந்த சைஸ் எந்த பிராஞ்ச்ல போன வருஷத்த விட கூடுச்சு, கொறஞ்சுது, கொறஞ்சதுல சரக்கு தீந்ததால கொறஞ்சது எது. பீரியட்: 1-10-2024 முதல் 30-10-2024, 20-9-2025 முதல் 19-10-2025, ரெண்டுலயும் கடைசி நாள் ராத்திரி கடை மூடற வரைக்கும். வேண்டிய column: பிராஞ்ச், பிரிவு, சைஸ், வித்த பீஸ், ஒரிஜினல் பில் தேதில கழிச்ச ரிட்டர்ன் பீஸ், ஸ்டாக் ஜீரோ ஆன தேதி. ரூபாய் வேண்டாம். பாக்கப் போறது பர்ச்சேஸ்ல ரெண்டு பேர், வெள்ளிக்கிழமை ஆர்டர் போகுது."

அவ்வளவுதான். மொத வரி முடிவு. அது இருந்தா மத்ததுல நீங்க எதாச்சும் விட்டாலும் நாங்க புடிச்சிருவோம், அது இல்லன்னா மத்தது எல்லாம் இருந்தும் தப்பான கணக்கு கச்சிதமா வந்து சேரும். கடைசி தேதிக்குக் காரணமும் போடுங்க. "வெள்ளிக்கிழமை ஆர்டர் போகுது"ங்கறதுக்கு நான் ராத்திரி உக்காந்து செய்வேன். "அர்ஜெண்ட்"டுக்கு செய்ய மாட்டேன், ஏன்னா வர்ற எல்லாமே அர்ஜெண்ட்தான்.

தேவையில்லாத column கேக்காதீங்க. மேனேஜர் மொதல்ல கஸ்டமர் ஃபோன் நம்பரும் கேட்டிருந்தாரு, எதுக்குன்னா "இருக்கட்டும்மா, பின்னாடி ஆகும்"னாரு. குடுக்கல. மெம்பர் கார்டு போட்டப்ப பாயிண்ட்டுக்குன்னு சொல்லி வாங்கின நம்பர் அது, 2023லயே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டாச்சு, எதுக்குன்னு சொல்லி வாங்கினோமோ அதுக்குத்தான். நான் ரூல்ஸ் பேசறேன்னு அவருக்கு வருத்தம். என் நம்பர யாராச்சும் இப்படி எக்ஸல்ல போட்டு சுத்த விட்டா எனக்கு ஆத்திரம் வரும், அதே நியாயம்தான் நம்ம கடைக்கு வர்றவங்களுக்கும்.

கேக்காத ஒண்ணையும் சொல்லிக்கறேன், கோவிச்சுக்காதீங்க. டேட்டா டீம்னா கம்ப்யூட்டர் ரிப்பேர் டீம் இல்ல. அந்தத் தீபாவளி வாரம் பூரா பார்கோடு பிரிண்டர்ல ஸ்டிக்கர் சுத்திக்கிச்சு, பில் மெஷின் ஆன் ஆகலன்னு எங்களத்தான் கூப்ட்டாங்க. ஏசி வேலை செய்யலன்னு கூட ஒரு ஃபோன் வந்துச்சு. போகாட்டி திமிரு, போனா ரிப்போர்ட் லேட்டு. உங்க ரிப்போர்ட் இழுக்குதுன்னா உங்க ஆபீஸ்லயும் அந்த டீம் இப்ப எந்த பிரிண்டர்கிட்ட குனிஞ்சு நிக்குதுன்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. உங்களுக்கு ஏற்கனவே நிச்சயமாத் தெரிஞ்ச ஒரு கணக்க ரிக்வெஸ்ட்ல எழுதி விடுங்க. நாங்க இப்ப ஒரு பிராஞ்ச்ல ஒரு நாள் க்ளோசிங் சீட்டுல ரெடிமேட் எத்தனை பீஸ்னு இருக்கோ அத ரிக்வெஸ்ட்ட அனுப்பறவங்களையே எழுதச் சொல்றோம். நான் எடுத்த கணக்குல அந்த பிராஞ்ச், அந்த நாள் அதோட ஒத்துப் போனா அனுப்புவேன். ஒத்துப் போகலன்னா ரிட்டர்ன் எங்கயோ ரெண்டு தடவை கழிஞ்சிருக்கும், இல்ல பன்னெண்டு மணிக்கு அப்புறம் போட்ட பில் வெளிய நிக்கும், அனுப்பறதுக்கு முன்னாடியே தேடிப் புடிச்சிருவேன்.