பால்கனியில் மக்கு வாளி: கேட்டவையும் பதிலும்

நங்கநல்லூரில் 600 சதுர அடி வீடு எங்களுடையது. பால்கனி ஆறடிக்கு மூன்றடி. அதில் துணிக்கொடி, வாஷிங் மெஷின், அப்புறம் மூன்று பெயிண்ட் வாளிகள். ஒன்பது வருடமாகக் காய்கறிக் கழிவு வீட்டை விட்டு வெளியே போனதில்லை, அந்த வாளிகளிலேயே மக்கி உரமாகிறது. முதல் வருடத்தில் மட்டும் இரண்டு தடவை ராத்திரியோடு ராத்திரியாக வாளியோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன், கேளுங்கள்.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: அக்கா, நாங்கள் மூன்று பேர். எத்தனை வாளி வேண்டும்? எதிலிருந்து ஆரம்பிப்பது?

20 லிட்டர் பெயிண்ட் வாளி மூன்று வாங்குங்கள். பழைய சாமான் கடையில் கிடைக்கும். ஏன் மூன்று என்றால், தினம் அரைக் கிலோ கழிவு விழும் வீட்டில் ஒரு வாளி நிரம்ப ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். நிரம்பினதும் அது ஆறு வாரமாவது சும்மா இருக்க வேண்டும். அதற்குள் மற்ற இரண்டும் நிரம்பிவிடும், முதல் வாளி காலியாகக் கைக்கு வரும். இரண்டே வாளி வைத்துக்கொண்டு மக்காததை அள்ளிச் செடிக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

கம்பியைச் சூடு பண்ணி, பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளியில் துளை போடுங்கள், அடியில் பத்துப் பன்னிரண்டு. பக்கத்துத் துளைகளுக்கு உள்பக்கமாகக் கொசுவலை ஒட்டிவிடுங்கள். அடியில் இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் நாரைப் பிய்த்துப் போட்டு, வாளிக்குக் கீழே ஒரு பழைய தட்டு. நாருக்கு மேல் ஒரு கை சருகு, ஒரு கை பழைய மக்கு அல்லது தோட்டத்து மண். அவ்வளவுதான், அன்றைக்கே கழிவைப் போடலாம். கழிவு எவ்வளவோ அதே அளவுக்குச் சருகு, தேங்காய் நார்த்தூள், கிழித்த அட்டை மாதிரி காய்ந்த பொருள் கூடவே போக வேண்டும். எடையில் அல்ல, கிண்ண அளவில். தோலும் காம்பும் கட்டைவிரல் அகலத்துக்கு நறுக்கியிருந்தால் போதும். மிக்ஸியில் அரைத்துப் போடாதீர்கள். கூழானால் காற்று நுழையாது.

மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர்: எல்லாம் சொன்னபடிதான் செய்கிறேன். தினமும் நார்த்தூள் போடுகிறேன். இன்று 12ஆம் நாள். திறந்தால் அழுகின முட்டை வாடை. மாமியார் வாளியை வெளியே வை என்கிறார்.

மாமியாரிடம் நான்கு நாள் வாங்குங்கள். ஒரு கேள்வி: நார்த்தூள் கட்டியை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?

அவரே: கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பும் என்று உறையில் போட்டிருந்தது. ஊறவைத்து, உதிர்த்து, டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன்.

அதுதான் விஷயம். உறையில் இருக்கிற குறிப்பு செடி நடுகிறவர்களுக்கானது. உங்களுக்கு அந்தத் தூள் எதற்கு? தண்ணீரைக் குடிப்பதற்கு. ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்துவிட்ட தூள் இன்னும் எங்கே குடிக்கும்? சுரைக்காய், வெள்ளரி, பூசணி இவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். மற்ற காயும் பெரிதாகக் குறைவில்லை. நீங்கள் தினம் போடும் அரைக் கிலோ கழிவில் 400 கிராமுக்கு மேல் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு நாள் அது தோலுக்குள்ளேயே இருக்கும், ஒன்றும் தெரியாது. தோல் நைந்ததும் மொத்தமாக வெளியே வந்து அடிக்கு இறங்கும். அடியில் காற்று போக இடமில்லாமல், காற்றில்லாமல் வாழ்கிற கிருமிகள் வேலையை எடுத்துக்கொள்ளும். முட்டை வாடை அவை விடுவது. வாளி நன்றாக ஓடி, பத்தாம் நாளுக்கு மேல் திடீரென்று நாறுவது இதனால்தான்.

இன்று சாயங்காலமே செய்யுங்கள். பால்கனியில் நாலைந்து செய்தித்தாளை விரித்து வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். மேல் பாதி பழுப்பாக உதிரியாக இருக்கும், அடிப் பாதி கறுத்து வழுவழுப்பாக இருக்கும், அதுதான் நாறுகிறது. பார்சல் வந்த அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, ஒட்டுத்தாளை உரித்துவிட்டு, அட்டையைப் பெருவிரல் அளவுக்குக் கிழித்து அதில் கலந்து பிசறுங்கள். ஒரு மணி நேரம் நிழலில் ஆறட்டும். அப்புறம் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். புட்டு மாவுப் பதம் தெரியுமல்லவா? பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். இதற்கு அதைவிடக் கொஞ்சம் ஈரம் கூட இருக்கலாம், விரலிடுக்கில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கலாம். தண்ணீர் வழிந்தால் இன்னும் அட்டை சேருங்கள். வாளிக்குத் திருப்பி, நான்கு நாள் புதுக் கழிவு எதுவும் போடாமல் தினம் ஒரு தடவை கிளறிவிடுங்கள். அடியில் துளை அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஊறின தூளை வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டுக்கொள்ளலாம், வீணில்லை. ஆனால் நார்த்தூளை மட்டும் நம்ப வேண்டாம். அது தண்ணீரைப் பிடிக்கும், தான் சீக்கிரம் மக்காது. கிருமிகளுக்குச் சாப்பாடு சருகும் அட்டையும்தான். நான் பாதிக்குப் பாதி போடுகிறேன்.

குரோம்பேட்டை, ஓய்வு பெற்றவர்: இவ்வளவு எதற்கு? மூடியை டைட்டாக மூடிவிட்டால் நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. எட்டு மாதமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பாதி சரி சார். வெளி ஈ உள்ளே போகாது, அது உண்மை. ஆனால் காற்றும் போகாது. இறுக்கி மூடிச் செய்கிற முறை ஒன்று இருக்கிறது, போகாஷி என்பார்கள். அதற்குத் தவிட்டில் வளர்த்த நுண்ணுயிர்க் கலவையை ஒவ்வொரு அடுக்கிலும் தூவ வேண்டும், வடிகிற நீரை அடிக்கடி எடுத்துவிட வேண்டும். முடிவில் கிடைப்பதும் உரமல்ல, ஊறுகாய் மாதிரி ஊறின கழிவு. மண்ணில் புதைத்தால்தான் உரமாகும். நீங்கள் தவிடு போடுகிறீர்களா?

அவரே: தவிடெல்லாம் இல்லை. திறக்கும்போது கொஞ்சம் வாடை வரும், அவ்வளவுதான். யார் தினம் திறக்கப் போகிறார்கள்?

திறக்காத வரை நாற்றமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன் சார்.

அம்பத்தூரிலிருந்து ஒருவர்: வாடையே இல்லை. ஆனால் மூடியைத் தூக்கினால் கடுகு மாதிரி குட்டி ஈ கூட்டமாகக் கிளம்புகிறது. வலையெல்லாம் ஒட்டியாயிற்று. எங்கிருந்துதான் வருகிறது?

நீங்களேதான் உள்ளே போடுகிறீர்கள். கடையில் தார் தொங்கும்போதே பழ ஈ வாழைப்பழத் தோலில், அதுவும் காம்போரம் வெடிப்பு இருந்தால், முட்டை இட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. நம் ஊர்ச் சூட்டில் முட்டை ஈயாகப் பத்து நாள் போதும். வலை போட்ட வாளிக்குள் அவை சொகுசாகப் பொரிக்கும்.

பழத்தோலை மட்டும் தனியாக நடத்துங்கள். ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் இரண்டு ராத்திரி இருக்கட்டும், அப்புறம் வாளிக்குப் போகட்டும். ஃப்ரீஸரில் இடமில்லை என்றால் வடிதட்டில் வைத்துக் கொதிநீரை ஊற்றி, நன்றாக வடித்துவிட்டுப் போடுங்கள். அடுத்தது, மேல் அடுக்கு. கழிவு வெளியே தெரியக் கூடாது. கடைசியாக இரண்டு விரல் தடிமனுக்குக் காய்ந்த தூள், அதன்மேல் வாளி வட்டத்துக்கு வெட்டின செய்தித்தாள். நான் காலையில் மூடியைத் திறந்ததும் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தத் தாளைத்தான். நடுவில் காய்ந்து ஓரம் மட்டும் நனைந்திருந்தால் ஓரத்துக்குத் தூள் போதவில்லை என்று அர்த்தம். ஈ முட்டையிட நுழைவதும் அந்த ஓரத்தில்தான்.

இதையெல்லாம் இன்று தொடங்கினாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கிற முட்டை பொரிக்கத்தான் செய்யும். இரண்டு வாரம் பொறுங்கள். அதுவரை ஒரு கிண்ணத்தில் வினிகர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு வாளிப் பக்கம் வையுங்கள், பறப்பவை விழும்.

போரூரிலிருந்து ஒருவர்: ஈ என்றதும் கேட்கத் தோன்றியது. வீட்டு உரம் போட்டதிலிருந்து என் ரோஜா இலை மஞ்சளாகிறது. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

இது ஈ சமாச்சாரம் இல்லையே அம்மா. உரம் போட்ட பிறகு மஞ்சளானது என்றால் முதல் சந்தேகம், உரம் முழுதாக மக்கியிருக்காது. பாதி மக்கினது தொட்டிக்குள் போனால் அங்கேயும் கிருமிகள் வேலையைத் தொடரும். செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை அவை எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை ஒரு பிடி உரத்தை ஈரமாக ஒரு கவரில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் ஆயிற்று. புளித்த வாடை வந்தால் இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும். ரோஜாவுக்கு வேறு காரணமும் இருக்கலாம், தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள்.

வேளச்சேரிக்காரர் மறுபடி: புளித்த மோர் ஊற்றினால் சீக்கிரம் மக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. ஒரு கை பழைய மக்கில் வேண்டிய கிருமிகள் இருக்கின்றன. மோர் ஊற்றினால் தண்ணீர்தான் கூடும்.

அம்பத்தூர்க்காரர்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மோர் தெளித்த வாளியில்தான் எனக்கு வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து வேகமாக இறங்கியது.

இருக்கலாம். மோரில்லாத என் வாளியிலும் வெள்ளைப் பூஞ்சணம் வரும். அது நல்லதுதான், பயப்பட வேண்டாம். தெளிப்பதென்றால் இரண்டு ஸ்பூனோடு நிறுத்துங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: மிச்சச் சோறு, சாம்பார், எலுமிச்சைத் தோல்?

சிறிய வாளியில் சமைத்தது வேண்டாம். எண்ணெயும் உப்பும் ஒரு பக்கம், கரப்பான் ஒரு பக்கம். எலுமிச்சை தினம் ஒன்றிரண்டு மூடி பரவாயில்லை. மாங்கொட்டையும் தேங்காய் ஓடும் ஆறு வாரத்தில் அப்படியே திரும்பி வரும்.

மடிப்பாக்கம், நான்காம் நாள்: கவிழ்த்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே அடியில் கறுப்புக் கூழ். அட்டை கலந்த மூன்றாம் நாளே வாடை போய்விட்டது. ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. கொசுவலையை அடிக்கும் சேர்த்து ஒட்டியிருக்கிறேன், பசை வழிந்து துளையெல்லாம் மூடியிருக்கிறது.

அடிக்கு வலை வேண்டாம், தேங்காய் நாரே போதும். அதைப் பிய்த்து எடுத்துவிட்டுக் கம்பியை இன்னொரு தடவை சூடு பண்ணுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பிளாஸ்டிக் புகை மாமியாருக்கு இதைவிட ஆகாது.