முகம் நரைத்த நாய்க்கு என்ன வயது? படம் பார்த்துப் பதில்

கேள்வி (வெள்ளவத்தை): அக்கா, றோட்டில் நின்ற கறுப்பு நாயொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வாயைச் சுற்றி நரை. அப்பா பத்து வயதுக் கிழவன் என்கிறார். மூன்று படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பத்து என்று எனக்குப் படவில்லை. நாடியில் கறுப்பும் வெள்ளையும் கலந்திருக்கிறது, அதனால் பிறவி வெள்ளையில்லை, நரைதான். ஆனால் கண்ணைச் சுற்றி இன்னும் ஏறவில்லை. கறுப்பு நாயில் நாலு முடி வெளுத்தாலும் எடுத்துக் காட்டும். பயந்த சுபாவமுள்ள நாய்கள் நாலு வயதுக்குள்ளேயே நரைப்பதாக 2016இல் ஓர் அமெரிக்க ஆய்வும் வந்தது. றோட்டு நாய்க்குப் பயத்துக்கா பஞ்சம்?

ஆகவே நரையை விட்டுப் பல்லைப் பார்த்தேன். இளம் நாயின் முன்பல் நுனி மூன்று மொட்டாக இருக்கும். இவனுக்குக் கீழ்ப்பற்கள் தட்டையாகிவிட்டன, மேலே ஓரப்பல்லில் மட்டும் மொட்டின் அடையாளம் மிச்சம். கடைவாய்ப்பல்லில் முரசோரம் பழுப்புக் காறை. கண்மணி தெளிவு, நீலப்புகை இல்லை. அது பெரும்பாலும் ஆறேழு வயதுக்குப் பிறகே தெரியும். நாலுக்கும் ஏழுக்கும் இடையில் என்பேன்.

கேள்வி (தெஹிவளை): பல் மஞ்சளென்றால் வயது போன நாய்தானே? பல்லை வைத்தே சொல்லிவிடலாமே?

பதில்: குட்டியென்றால் சொல்லலாம். ஏழு மாதத்துக்குள் பால்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைத்துவிடும், அதுவரை கணக்குப் பிசகாது. அதற்குப் பிறகு சாப்பாடும் பழக்கமும்தான் பல்லின் நிறத்தைத் தீர்மானிக்கும். பொமேரியன் மாதிரிச் சின்ன நாய்க்கு மூன்று வயதிலேயே காறை தடித்துவிடும். கல் கடிக்கிற நாய்க்குப் பல் தேய்ந்து கிழடாகத் தெரியும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படமோ எல்லாப் பல்லையும் மஞ்சளாக்கும். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அதுவும் மஞ்சளென்றால் பல்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பகல் வெளிச்சத்திலும் கண் மஞ்சளாக இருந்தால் வயதுக் கதையை விட்டு வைத்தியரிடம் போங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): எங்கள் நாய்க்கு மூன்று வயதுதான், இடது கண் நீலம் பூத்திருக்கிறது. பார்க்கிறவர்கள் எட்டு வயதா என்கிறார்கள்.

பதில்: ஒரு கண் மட்டுமா? அப்படியானால் அது வயதில்லை. முதுமைப் புகை இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி, கண்மணிக்கு உள்ளே தெரியும். நாய்க்குப் பார்வையும் இருக்கும். உங்கள் படத்தில் கண் சிவந்து, பாதி மூடியிருக்கிறது. உண்ணிக் காய்ச்சலிலும் இப்படி வரும். நாளைக்கே காட்டுங்கள். இன்னொன்று, பிளாஷ் போட்டு எடுத்த கண் படத்தை ஒருவரும் அனுப்ப வேண்டாம். கண்ணின் பின்பக்கம் மின்னுவதைப் புரையென்று நினைத்துவிடுவோம்.

கேள்வி (மட்டக்குளி): நாய் வயதை ஏழால் பெருக்கினால் சரிதானே?

பதில்: அது வேறு கணக்கு தம்பி, அதுவும் பிழையான கணக்கு. பெருக்குவதற்கு முதலில் வயது தெரிய வேண்டுமே.

கேள்வி (வெள்ளவத்தை): அக்கா, அப்பா இன்னும் விடவில்லை. எட்டாவது இருக்கும் என்கிறார்.

பதில்: நான் ஏழில் நிற்கிறேன். தடுப்பூசிக்குக் கொண்டுபோகும்போது வைத்தியரை உதட்டைத் தூக்கிக் கடைவாய்ப்பல்லையும், இருட்டறையில் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எட்டு என்றாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.