'ஆயிரம் பேருக்குச் சமைத்திருக்கிறேன்' என்று எழுதி வரும் பயோடேட்டாவை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: கோவையில் ஹோட்டல் நடத்துகிறோம், மண்டப ஆர்டரும் எடுக்கிறோம். சமையல் மாஸ்டர் தேவை என்று போட்ட விளம்பரத்தில் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழும், ஒரே வேளையில் 500 பேருக்குச் சமைத்த அனுபவமும் வேண்டும் என்று கேட்டிருந்தோம். வந்த எல்லா பயோடேட்டாவிலும் இரண்டும் இருப்பதாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்:

நான் எச்சில் இலை எடுக்கும் வேலையில் தொடங்கி, இன்று திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி கேன்டீனுக்கு மாஸ்டர்களை எடுக்கிற பொறுப்பில் இருக்கிறேன். நட்சத்திர ஹோட்டல்காரர்கள் வேறு மாதிரி சொல்லலாம். நான் சொல்வது சாதம், சாம்பார், குழம்பு என்று அண்டாவில் சமைக்கிற இடங்களுக்கு. நீங்களும் மண்டப ஆர்டர் எடுப்பதால் உங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலில் சான்றிதழ். 'எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்றிதழ் உண்டு' என்று எழுதியவர்களிடம் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாதிப் பேர் முன்பு வேலை பார்த்த ஹோட்டலின் லைசென்ஸ் ஜெராக்ஸைக் கொண்டு வருவார்கள். அதில் 14 இலக்க எண் இருக்கும். அது கடைக்குக் கொடுத்தது, ஆளுக்குக் கொடுத்தது அல்ல. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் அதைக் கொண்டு வருவதில்லை. சுவரில் மாட்டியிருந்ததைத் தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று நம்பியிருப்பார்கள். ஆள் பெயரில் வருவது ஃபாஸ்டாக் பயிற்சிச் சான்றிதழ். டோல்கேட் ஸ்டிக்கர் இல்லை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நடத்தும் பயிற்சிக்கும் அதே மாதிரிப் பெயர். அதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: ஆளின் பெயர், கேட்டரிங் வகுப்பில் பேசிக்கா அட்வான்ஸ்டா, தேதி. இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும்.

இதைத் தவிர மருத்துவத் தகுதிச் சான்று ஒன்று இருக்கிறது. உணவைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்து, டைபாய்டு வகைக் காய்ச்சலுக்கான தடுப்பூசியும் போட்டு, பதிவு பெற்ற டாக்டர் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். இதைச் செய்து வைப்பது முதலாளியின் கடமை. பழைய இடத்தில் செய்யவில்லை என்பதற்காக மாஸ்டரைக் கழிக்காதீர்கள், சேரும்போது நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

ஃபாஸ்டாக் இல்லாதவரைக் கழிக்கலாமா என்றால், அவரை எதற்கு எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லைசென்ஸ் எடுத்த இடத்தில் உணவைத் தொடுகிற 25 வேலையாட்களுக்கு ஒருவர் பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். அந்த ஆளாக இவரைக் காட்டப் போகிறீர்கள் என்றால் சான்றிதழ் கட்டாயம். ஏற்கனவே அப்படி ஒருவர் இருக்கிறார் என்றால், ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பினால் கிடைத்துவிடுகிற காகிதத்துக்காக நல்ல கையை இழக்காதீர்கள். சான்றிதழே வேண்டாம் என்கிறான் இவன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என்னிடம் இருப்பவர்கள் எல்லோருக்கும் நானே கூட்டிப் போய் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது ஆள் கணக்கு. போன முறை எங்கள் கேன்டீனுக்கு வந்த இரண்டு பயோடேட்டாவைச் சொன்னால் எளிதாகப் புரியும். ஒருவர் கேட்டரிங் படித்தவர், அட்வான்ஸ்டு சான்றிதழ் காலாவதி ஆகாமல் இருந்தது, '1500 பேர் விருந்து' என்று எழுதியிருந்தார். மற்றவர் பத்தாவது. ஒரே பக்கம், கையால் எழுதியது. 'மில் கேன்டீன், தினம் 600 பேர்' என்று ஒரு வரி. சான்றிதழ் இடத்தில் நான் மேலே சொன்ன லைசென்ஸ் ஜெராக்ஸ்.

படித்தவரிடம் முதலில் கேட்டேன், "1500 பேர் விருந்துல உங்க கை எதுல இருந்துச்சு?" சாலட், பழம், தட்டு அலங்காரம் என்றார். கிச்சனில் மொத்தம் நாற்பது பேருக்கு மேல் இருந்திருக்கிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை, அந்த விருந்து உண்மைதான், அவர் அங்கே நின்றதும் உண்மைதான். ஆனால் அந்த எண் ஹோட்டலுடையது. எங்களுக்கு வேண்டியது அண்டா முன்னால் நிற்கிற ஆள்.

மில் கேன்டீன்காரரிடம் "600 பேர் ஒரே வேளைக்கா?" என்றேன். "இல்லீங்ணா, காலைல நூறு, மத்தியானம் நானூறு, ராத்திரி ஷிப்டுக்கு நூறு" என்றார். அப்படியானால் அவருடைய உண்மையான அளவு 400. பயோடேட்டாவில் வரும் 'தினம் இத்தனை பேர்' என்ற எண்ணை இப்படி வேளை வேளையாகப் பிரித்துவிடுங்கள். அதில் பெரிய வேளைதான் உங்களுக்கு வேண்டிய எண். வேளைக்கு இருநூறு பேர் என்று மூன்று வேளை சமைத்தவரும் 600 என்றுதான் எழுதுவார், ஆனால் அவர் கை பழகிய அண்டா 200 பேருடையது.

பிறகு அளவு கேட்டேன். நானூறு பேருக்கு அரிசி 55 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 11 கிலோ, சாம்பார் 90 லிட்டர் என்று யோசிக்காமல் சொன்னார். சாப்பாட்டுக்கு ஆளுக்கு 130லிருந்து 150 கிராம் அரிசி, 25லிருந்து 30 கிராம் பருப்பு, 200லிருந்து 250 மில்லி சாம்பார் என்று போட்டுப் பாருங்கள், சரியாக வரும். நிஜமாகச் சமைத்தவர் கிலோவில் பேசுவார். பக்கத்தில் நின்று பார்த்தவர் "நிறைய போகும், ஆளைப் பொறுத்து" என்பார். மில் கேன்டீன்காரரே இன்னொன்றும் சொன்னார்: "அரிசிய ஒரே தடவையா போட மாட்டோம். முதல்ல 30, பாதிப் பேரு உக்காந்தப்புறம் மிச்சம்." கடைசிப் பந்திக்கும் சாதம் சூடாகப் போக வேண்டும் என்பதை ஒருவர் அனுபவத்தில் கற்றிருக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

உங்கள் விளம்பரத்தில் சுத்தம் ஒரு தகுதி, ஆள் கணக்கு இன்னொரு தகுதி என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறீர்கள். பெரிய சமையலில் இரண்டும் ஒன்றுதான். வீட்டுக் குக்கரில் மிஞ்சிய குழம்பு சீக்கிரம் ஆறிவிடும். 90 லிட்டர் அண்டாவில் மிஞ்சியது, மூடி போட்டுத் தரையில் வைத்தால், விடிந்த பிறகும் நடுவில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதியிலும் சாகாத வித்துகள் சில கிருமிகளுக்கு உண்டு. அவை வளர்வது அந்த வெதுவெதுப்பில்தான். கறிக்குழம்பில் ஒரு வகை, சாதத்தில் ஒரு வகை. சாதத்தில் வருவது விடுகிற நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. நூறு பேர் ஒரே நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் பின்னால் கைகழுவாததும் இருக்கும், இப்படி ஆறாத அண்டாவும் இருக்கும்.

அதனால் நான் எல்லோரிடமும் கேட்பது: "மத்தியானம் 30 லிட்டர் குழம்பு மிஞ்சிருச்சு, ராத்திரி ஷிப்டுக்கு வேணும். என்ன செய்வீங்க?" படித்தவர் பாடமாகச் சொன்னார்: 60 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணிக்குள், எடுத்துச் சூடு பண்ணும்போது நடுவில் 75 வர வேண்டும். அத்தனையும் சரி. "30 லிட்டரை எப்படி அவ்வளவு சீக்கிரம் இறக்குவீங்க?" என்றதும் ஃபிரிட்ஜில் வைப்பேன் என்றார். சூடான அண்டாவை அப்படியே உள்ளே வைத்தால் குழம்பும் ஆறாது, உள்ளே இருக்கிற பாலும் தயிரும் சேர்ந்து சூடாகும். நாலு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் நிறுத்திக் கிளறி, ஆவி அடங்கிய பிறகு உள்ளே வைக்க வேண்டும். முடியாவிட்டால் ஆறவே விடாமல் ராத்திரி வரை 60க்கு மேலேயே சூட்டில் வைக்க வேண்டும்.

மில் கேன்டீன்காரர் "மூடி வெச்சுட்டு, ராத்திரி நல்லா கொதிக்க விட்ருவோம்" என்றார். தவறான பதில். ஏன் தவறு என்று விளக்கியபோது மறுத்துப் பேசவில்லை, "அப்ப சாதத்துக்கும் இதே கதைதானுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் அவரை எடுத்தோம். தட்டில் பிரித்து ஆற வைப்பதை ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம். 55 கிலோ அரிசியைக் குழையாமல் வடிக்கிற கையை ஒரு வாரத்தில் பழக்க முடியாது. படித்தவரின் திறமை விருந்து ஹோட்டலுக்கு உரியது, அவரிடமே அதைச் சொல்லி அனுப்பினேன். உங்களிடம் மண்டப ஆர்டரில் லைவ் கவுன்டர், சாலட் வரிசை எல்லாம் உண்டு என்றால் நீங்கள் அவரையும் எடுத்திருக்கலாம்.

கையெழுத்து பயோடேட்டாவைப் பார்த்ததும் ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அனுபவச் சான்று இல்லை, நடுவில் மூன்று வருடம் விடுபட்டிருக்கிறது என்று குறை சொல்கிறார்கள். எங்கிருந்து வரும்? நான் இளவயதில் வேலை பார்த்த ஒரு ஹோட்டலில் சம்பளம் கையில்தான், பி.எஃப். கிடையாது. சேரும்போது பத்தாவது மார்க்‌ஷீட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். விலகும்போது அனுபவக் கடிதம் கேட்டேன். "லெட்டர் குடுத்தா நீ வேற எடத்துக்குப் போயிருவே" என்று முகத்துக்கு நேரே சொன்னார் முதலாளி. அந்த வருடங்கள் இன்றைக்கும் என் பயோடேட்டாவில் காகிதம் இல்லாமல்தான் நிற்கின்றன. ஊரில் முக்கால்வாசி மாஸ்டர்களுக்கு இதே நிலைமைதான். மார்க்‌ஷீட்டைப் பிடித்து வைக்கிற வேலையை இப்போதும் செய்கிறார்கள், நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

அதனால் கடிதம் இல்லாதவரிடம் வேறு வழியில் விசாரியுங்கள். பி.எஃப். இருந்தால் பாஸ்புக்கில் மாதக்கணக்கு இருக்கும். இல்லாவிட்டால், அந்தக் கிச்சனுக்கு மளிகை போட்டவர் யார், காய்கறி எங்கிருந்து வந்தது, வாரத்துக்கு எத்தனை சிலிண்டர் போனது என்று கேளுங்கள். மளிகைக்காரருக்கு ஒரு போன் போட்டால் அந்த மாஸ்டர் எத்தனை மூட்டை அரிசிக்குச் சீட்டு எழுதினார் என்பது தெரிந்துவிடும். பழைய முதலாளியை விட மளிகைக்காரர் நியாயமாகப் பேசுவார்.

கடைசியாக ஒரு நாள் ட்ரையல் வையுங்கள், மதிய வேளையில். உப்புப் பார்த்த கரண்டியைத் திரும்ப அண்டாவுக்குள் விடுகிறாரா, பச்சைக் கோழி வெட்டிய பலகையில் கொத்தமல்லி நறுக்க விடுகிறாரா, கூட இருக்கிற ஹெல்பர் தவறு செய்தால் சொல்கிறாரா என்று ஓரமாக நின்று பாருங்கள். அந்த நாளுக்கு முழுக் கூலியை அன்று சாயங்காலமே கையில் கொடுத்துவிடுங்கள், எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி.