சாலையோரப் புளியமரத்தில் லைக்கன் குறைவு: என்ன எழுதலாம்?

"மேடம், நாங்கள் நாலு பேர் பி.எஸ்சி. தாவரவியல் மூன்றாம் ஆண்டு. நெடுஞ்சாலையோரம் 12 புளியமரங்களிலும் கல்லூரி வளாகத்தில் 12 வேப்பமரங்களிலும் லைக்கன் எண்ணினோம். சாலையில் குறைவு, வளாகத்தில் அதிகம். சாலைக் காற்றில் சல்பர் டை ஆக்சைடு அதிகம் என்று ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதலாமா?"

எழுத வேண்டாம். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து பட்டையில் படரும் உயிர். மாசுக் காற்றில் அது குறையும் என்பது சரிதான், ஆனால் உங்கள் கணக்கு அதைக் காட்டவில்லை. முதல் காரணம் மரப்பட்டை. புளியும் வேம்பும் வேறு வேறு பட்டை. அமிலத்தன்மையும் ஈரம் பிடிக்கும் அளவும் வேறு. நீங்கள் பார்த்த வித்தியாசம் காற்றுடையதா, மரத்துடையதா என்று இந்தக் கணக்கை வைத்துப் பிரிக்கவே முடியாது.

சாலையோர மரங்களில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அடிமரத்தில் வெள்ளையும் கறுப்பும் பட்டையாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். நீங்கள் பார்க்கிற உயரமும் பெரும்பாலும் அதுதான். பெயின்ட்டுக்கு அடியில் லைக்கன் செத்துப்போயிருந்தால் அது புகையின் குற்றம் இல்லை. மாணவியாக இருந்தபோது நானும் இப்படி ஒரு மரத்தில் 'பூஜ்யம்' என்று பெருமையாகக் குறித்தேன். பக்கவாட்டில் சுரண்டிப் பார்த்தபோதுதான் பழைய சுண்ணாம்பு தெரிந்தது. பெயின்ட், போஸ்டர் பசை, புதிதாக உரிந்த பட்டை இருக்கும் மரங்களை விட்டுவிடுங்கள். ஆனால் லைக்கன் இல்லை என்பதற்காக ஒரு மரத்தையும் விடாதீர்கள். பூஜ்யமும் ஒரு தரவுதான்.

அடுத்தது எண்ணிக்கை. 24 மரம் என்றாலும் உங்களிடம் இருப்பது இரண்டே இடங்கள்: ஒரு சாலை, ஒரு வளாகம். ஒரே சாலையில் 12 மரம் பார்ப்பது அந்தச் சாலையை நன்றாகத் தெரிந்துகொள்வதுதான். சாலைகளைப் பற்றிப் பொதுவாக எதுவும் சொல்லாது. அதனால் ஆறு சாலைகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் சாலையை ஒட்டி நாலு புளி, அங்கிருந்து 300 மீட்டர் உள்ளே தள்ளி நாலு புளி. மொத்தம் 48 மரம். சுற்றளவு ஏறக்குறைய ஒத்திருக்கட்டும். அடிமரம் சாய்ந்திருந்தால் மழைநீர் ஒரே பக்கம் வழியும், அதுவும் வேண்டாம். ஒரு சாலையின் ஓரத்து மரங்களையும் உள்ளே தள்ளிய மரங்களையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கண் கூர்மையான ஆள் போன இடத்தில் லைக்கன் கூடிவிடும்.

எண்ணும் முறைக்கு ஐரோப்பியத் தரநிலையில் உள்ள ஏணிச் சட்டமே போதும். 10 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரத்தில் கம்பி வளைத்து, நூல் கட்டி ஐந்து சதுரமாக்குங்கள். தரையிலிருந்து 1 மீட்டரில் அடி விளிம்பு வரும்படி வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நாலு பக்கமும் வையுங்கள். ஒரு இனம் எத்தனை சதுரத்தில் தெரிகிறது என்று மட்டும் குறியுங்கள். பரப்பளவை ஊகிக்க வேண்டாம். உதாரணமாக வடக்கில் 'அ' இனம் 4 சதுரத்திலும் 'ஆ' இனம் 2 சதுரத்திலும் இருந்தால் அந்தப் பக்கத்துக்கு 6. கிழக்கில் 3, தெற்கில் 1, மேற்கில் 4 என்றால் மரத்துக்கு 14. நாலு மரத்தின் சராசரிதான் அந்த இடத்தின் மதிப்பு.

பெயர் தெரியாவிட்டால் 'அ', 'ஆ' என்றே வைத்து, துளி மாதிரி எடுத்துக் காகித உறையில் போடுங்கள். ஆனால் ஒரு இனத்தை மட்டும் அடையாளம் கண்டால் நல்லது: பைக்ஸைன் கோகோஸ். பட்டையோடு ஒட்டிய சாம்பல் நிற வட்டம். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் மஞ்சளாக ஒளிரும். இது மாசைத் தாங்கும் இனம். ஒரு மரத்தில் இது மட்டுமே நிறைய இருந்து மதிப்பெண் ஏறினால், காற்று சுத்தம் என்று அர்த்தமாகாது.

சரி, ஆறு சாலையும் பார்த்தாயிற்று. ஆறிலும் சாலையோரம் குறைவு என்றால், வித்தியாசமே இல்லாதபோது தற்செயலாக இப்படி எல்லாம் ஒரே பக்கம் சாய 64-ல் 2 வாய்ப்பு, அதாவது சுமார் 3 சதவீதம். கவனிக்கத்தக்கது. ஐந்தில் மட்டும் குறைவு என்றால், ஐந்தோ ஆறோ ஒரே பக்கம் சாய 64-ல் 14 வாய்ப்பு, அதாவது இதே கணக்கு சுமார் 22 சதவீதத்துக்குப் போய்விடும். அப்போது 'போக்கு தெரிகிறது, உறுதியில்லை' என்று எழுத வேண்டியதுதான்.

அப்புறம் அந்த சல்பர் டை ஆக்சைடு. லைக்கனை வைத்து அதன் அளவையே சொன்ன புகழ்பெற்ற அளவுகோல் 1970-ல் ஹாக்ஸ்வொர்த்தும் ரோஸும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் போட்டது. நிலக்கரிப் புகை காலத்து இனங்கள் அதில் இருக்கின்றன. நம் மரத்தில் அதை வைத்துப் படிக்க முடியாது. தவிர, 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 எரிபொருள், கந்தகம் அதில் பத்து லட்சத்தில் 10 பங்குதான். இப்போது சாலையோரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை நைட்ரஜன் ஆக்சைடுகளும் தூசியும். வெயிலும் வறட்சியும்கூட அதே வேலையைச் செய்யும்: தார்ச்சாலை அருகே மரம் சூடாகிறது, உள்ளே தோட்டத்துத் தண்ணீர் ஈரம் தருகிறது. ஒவ்வொரு மரத்திலும் நிழல் எவ்வளவு, பக்கத்தில் பாசனம் உண்டா, மாட்டுத்தொழுவம் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். தொழுவத்து அம்மோனியா சில இனங்களைப் பெருக வைக்கும்.

ரிப்போர்ட்டில் இப்படி எழுதலாம்: "ஆறு சாலைகளிலும் ஒரே வகை மரத்தில் சாலையோர லைக்கன் மதிப்பு உட்பகுதியைவிடக் குறைவு. வாகன மாசு ஒரு சாத்தியமான காரணம். வறட்சியை இந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை." ஏற்கெனவே எண்ணிய 24 மரத்தையும் வீணாக்க வேண்டாம். முறையைப் பழகிய முன்னோட்டம் என்று அதை இணைப்பில் போடுங்கள்.